எபிட்டாவுக்குப் பசி எடுக்காது, பேங்க்காரருக்கு எடுக்கும்

கேள்வி: என் மச்சான் இரண்டு பெல்ட் டைப் அறுவடை மெஷின் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். கால் பங்கு தருகிறேன், 17.5 லட்சம் கொடுங்கள் என்கிறார். "எபிட்டா 14 லட்சம், அதற்கு ஐந்து மடங்கு 70 லட்சம், அதில் கால் பங்கு" என்று கணக்குத் தாளும் கொடுத்தார். அந்தத் தாளை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிய கம்பெனிகளே எபிட்டாவைத்தானே சொல்கின்றன? அதைக் கையில் வரும் லாபமாக எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், நீடாமங்கலம்

பதில்: கூடாது. உங்கள் மச்சான் தாளில் பொய் எழுதவில்லை. வசதியான இடத்தில் பேனாவை மூடிவிட்டார், அவ்வளவுதான்.

எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம், கையால் தொட முடியாத சொத்துகளின் தேய்மானம் இவற்றைக் கழிப்பதற்கு முந்தைய வருமானம். இதைப் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கேபிள் டிவி முதலாளி ஜான் மலோன். கடன் வாங்கி ஊர் ஊராகக் கேபிள் இழுத்தால் வட்டியும் தேய்மானமும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும். ஆனால் சந்தாப் பணம் மாதாமாதம் வரும். 'லாபத்தைப் பார்க்காதே, கடனைத் தாங்கும் வரவைப் பார்' என்பது அவர் வாதம். ஒருமுறை இழுத்த கேபிள் பல வருஷம் உழைக்கும் என்பதால் அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. 1980-களில் கடன் வாங்கிக் கம்பெனிகளையே வாங்கியவர்களுக்கும் இந்த எண் பிடித்துப்போனது. ஒருவர் சொந்தப் பணத்தில் மெஷின் வாங்கினார், இன்னொருவர் கடனில் வாங்கினார், இருவரில் யார் நன்றாக ஓட்டுகிறார் என்று ஒப்பிட இது இன்றும் உதவும்.

ஆனால் அறுவடை மெஷின் கேபிள் அல்ல. சம்பா அறுப்பில் ஈரம் காயாத வயலில் இறங்கி ஏறுகிற மெஷின் அது. தாளைப் பாருங்கள். வரவு 30 லட்சம். டீசல், டிரைவர் கூலி, புரோக்கர் கமிஷன், லாரி வாடகை என்று செலவு 16 லட்சம். மீதி 14. பேனா மூடிய இடம் இதுதான்.

அடுத்த பக்கத்தில் பெல்ட் மாற்றியது, இன்ஜின் வேலை என்று 2 லட்சத்தை 'மூலதனம்' என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் வருகிற செலவு எப்படி மூலதனமாகும்? 2002-ல் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி வேர்ல்டுகாம் மாட்டியதும் இந்த வகை வேலையில்தான். மற்றக் கம்பெனிகளின் லைனுக்குக் கட்டிய கட்டணத்தைச் செலவில் காட்டாமல் சொத்தில் ஏற்றினார்கள். செலவு அங்கிருந்து நகர்ந்ததும் எபிட்டா கொழுத்தது. அவர்கள் செய்தது கோடிக்கணக்கான டாலரில் மோசடி. மச்சான் செய்ததை ஆசை என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம் பாக்கி. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பேங்கில் பணம் ஏறிய பிறகு தருகிறேன் என்று விவசாயிகள் வைத்திருப்பது போன வருஷத்தைவிட 3 லட்சம் கூடியிருக்கிறது. 30 லட்சம் வரவில் அதுவும் அடக்கம், கையில் இல்லை. கடன் 45 லட்சத்துக்கு வட்டி 5 லட்சம். ஆக, 14-ல் 2, 3, 5 போனால் கையில் நிற்பது 4 லட்சம். அசல் தவணையோ 8 லட்சம். 4 லட்சம் துண்டு விழுகிறது. பங்கு விற்க மச்சான் ஏன் கிளம்பினார் என்று இப்போது புரிகிறதா?

அசல் கட்டுவது செலவல்லவே என்று அவர் கேட்பார். சரிதான். அதை விட்டுவிட்டுத் தேய்மானத்தைக் கழியுங்கள். இரண்டையும் கழித்தால் ஒரே மெஷினுக்கு இரண்டு தடவை அழுததாகிவிடும். இரண்டு மெஷினும் 60 லட்சம், எட்டு வருஷம் ஓடி 12 லட்சத்துக்கு விலைபோகும் என்றால் வருஷத்துக்கு 6 லட்சம் தேய்கிறது. பாக்கி 3 லட்சம் பின்னால் வந்துவிடும் என்று விட்டுவிட்டாலும், 14-ல் பெல்ட் 2, வட்டி 5, தேய்மானம் 6 போக, லாபம் 1 லட்சம். வரி இன்னும் கழிக்கவில்லை. மூலதனச் செலவை, விழுந்த பல்லுக்குக் காசு வைத்துப் போகும் பல் தேவதையா கொடுக்கிறது என்று அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய 2000-ஆம் ஆண்டுக் கடிதத்தில் நக்கலடித்தது இதற்குத்தான். (நம் ஊரில் விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவதோடு சரி, காசு எதுவும் வராது.)

இதைவிடப் பெரிய ஓட்டை விலையில் இருக்கிறது. எபிட்டா வட்டிக்கு முந்தைய எண். ஆகவே அதன் ஐந்து மடங்கு என்பது கடனையும் சேர்த்த தொழிலின் மதிப்பு. பங்குக்கு விலை போடும்போது கடனைக் கழிக்க வேண்டும். 70-ல் 45 போனால் 25 லட்சம், அதில் கால் பங்கு 6.25 லட்சம். எபிட்டாவில் பெல்ட் செலவையும் கழித்து 12 ஆக்கினால் 60-ல் 45 போக 15 லட்சம், கால் பங்கு 3.75 லட்சம். ஐந்து மடங்கு என்பதே அவர் வைத்த எண் என்பதையும் மறக்காதீர்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது இரண்டு: லோன் ஸ்டேட்மென்ட், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற நோட்டு. நீங்கள் தரும் பணம் தொழிலுக்குள் போகிறதா, அவர் பைக்குள் போகிறதா என்பதையும் எழுதி வாங்குங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால், உங்கள் வீட்டம்மாவிடம் பேசச் சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.