லயத்தில் தீப்பிடித்த பிறகு பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை

கேள்வி: வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட் லயத்துல, தொழிலாளர் வரிசை வீட்டுல இருக்கோம். மூணு வாரத்துக்கு முன்னாடி ராத்திரி எங்க லயத்துல தீப்பிடிச்சுது. நாங்க தப்பிச்சிட்டோம். பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்துட்டாங்க. ரெண்டாம் வகுப்புப் படிக்கிற மகள்கிட்ட, பாட்டி கம்பத்துல மகள் வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். இப்ப எங்க அண்ணன் வீட்டுல இருக்கோம். பிள்ளை ராத்திரி பாயை நனைக்கிறா, அடுப்புப் பத்த வச்சா கத்துறா, என்னை விட்டு நகர மாட்டேங்குறா. ஸ்கூல் பேச்சை எடுத்தாலே வயித்து வலிங்குறா. எல்லாம் மறக்குற வரைக்கும் வீட்டுலயே வச்சுக்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் பள்ளி இன்னும் கொஞ்சம் பயமான இடமாகிக்கொண்டே போகும். ஆனால் நாளைக்கே அனுப்பிவிடவும் வேண்டாம். அதற்கு முன் பாட்டியைப் பற்றிய உண்மையை அவளிடம் நீங்களே சொல்லியாக வேண்டும். அதே லயத்துப் பிள்ளைகள் அவள் வகுப்பில் இருப்பார்கள். முதல் நாள் இடைவேளையிலேயே ஒரு பிள்ளை, "அந்தப் பாட்டி செத்துப்போச்சுல்ல" என்று கேட்டுவிடும். அப்படித் தெரிந்தால் பாட்டி போன துக்கத்தோடு, அம்மா சொன்னது பொய் என்பதும் சேர்ந்துகொள்ளும். பிறகு "சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று நீங்கள் சொல்வதை அவள் எப்படி நம்புவாள்?

ஏழு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது புரியும். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கலாம். பகலில், நீங்களும் அவள் அப்பாவும் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் சொல்லுங்கள். தூங்கப்போகும் நேரத்தில் சொல்ல வேண்டாம். நாலு வாக்கியம் போதும்: "பாட்டி கம்பத்துக்குப் போகல. அன்னிக்கு ராத்திரி புகையில மூச்சு முட்டி இறந்துட்டாங்க. இனி வர மாட்டாங்க, ஆனா அவங்களுக்கு இப்ப வலிக்காது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மாத்திச் சொல்லிட்டோம்." இறந்த காரணம் வேறாக இருந்தால் அதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், கோரமான விவரம் வேண்டாம். "பாட்டி தூங்கிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ராத்திரி தூக்கத்தில் எழுப்பப்பட்டுத் தீயைப் பார்த்த பிள்ளைக்குத் தூக்கமே ஏற்கெனவே பயம். சாமிகிட்ட போயிட்டாங்க என்று சொல்வது உங்கள் வழக்கம் என்றால் சொல்லலாம், ஆனால் 'இறந்துட்டாங்க' என்பதற்குப் பிறகு.

இன்னொன்று, அவள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது. இந்த வயதுப் பிள்ளைகள் நடந்ததற்குத் தாங்களே காரணம் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள். அன்று செல்போனைச் சார்ஜில் போட்டது, பாட்டி கூப்பிட்டபோது போகாதது, இப்படி ஏதாவது ஒன்று. "நீ செஞ்ச எதனாலயும் தீப்பிடிக்கல" என்று நேராகச் சொல்லுங்கள்.

"இந்த வீடும் எரியுமா?" என்று கேட்பாள். எரியவே எரியாது என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அவள் கண்ணாலேயே பார்த்தவள். நீங்கள் செய்வதைக் காட்டுங்கள். வயரிங்கை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகு அதைச் சொல்லுங்கள். படுக்கும் முன் கேஸ் ரெகுலேட்டரை மூடுவதை அவளையே பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது நடந்தால் எந்தக் கதவு வழியாக ஓடி எங்கே போய் நிற்க வேண்டும் என்று பகலில் ஒருமுறை அவளோடு நடந்து காட்டுங்கள். இதைத் தினமும் செய்யாதீர்கள், செய்தால் அதுவே பயமாகிவிடும். உண்மையைக் கேட்டதும் அவள் அழாமல் விளையாட ஓடிவிடலாம். அப்புறம் ரெண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது அதே கேள்வியை மறுபடி கேட்கலாம். பிள்ளைகளின் துக்கம் இப்படித் துண்டு துண்டாகத்தான் வரும். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சையும் கொஞ்சம் அடக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒரு லயம் போனால் உடனே பேச்சு 2020 ஆகஸ்ட் பெட்டிமுடிக்குப் போய்விடுகிறது. மண்சரிவில் 70 பேர் போனதைப் பிள்ளை காதுபடச் சொல்லிவிட்டு, மழை பெய்தால் ஏன் நடுங்குகிறாள் என்று ஆச்சரியப்படுகிறோம். தீ எரியும் வீடியோவையும் அவள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்கு அது ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கிற மாதிரி.

பாய் நனைவது பயத்தால் வருவதுதான் பெரும்பாலும், வேண்டுமென்று செய்வதில்லை. துணியை மாற்றிவிட்டுப் பேசாமல் படுக்க வையுங்கள். அண்ணன் பிள்ளைகள் கேலி செய்யாமல் இருக்க அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சிறுநீர் எரிகிறது என்றாலோ, தண்ணீர் அதிகமாகக் குடித்துக்கொண்டே இருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். இரவு வரிசை மட்டும் மாறக் கூடாது: சாப்பாடு, கைகால் கழுவுதல், பாத்ரூம், ஒரு கதை, அதே இடத்தில் அதே போர்வை. கரண்ட் போனால் எட்டும் தூரத்தில் டார்ச். அடுப்பை ஒளிக்கவும் வேண்டாம், அவளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தவும் வேண்டாம். "இப்ப பத்த வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பற்ற வையுங்கள். முதலில் அவள் வாசலில் நிற்கட்டும், நாளாக ஆகக் கிட்டே வருவாள்.

இனி பள்ளி. அவள் உங்களை விட்டு நகர மறுக்கிறாள் அல்லவா? பள்ளியைவிட, தான் அங்கே இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான் பெரிய பயமாக இருக்கும். அதனால் முன்னதாக டீச்சரைத் தனியாகப் பாருங்கள். புத்தகமும் யூனிஃபார்மும் எரிந்துபோயிருந்தால் அதைச் சொல்லுங்கள். வகுப்பு முன்னால் நடந்ததைக் கேட்க வேண்டாம், அழுகை வந்தால் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்துவிட்டு வர விடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு அவளுக்கு ஒரு பதில் பழக்கிவிடுங்கள்: "வீடு எரிஞ்சிருச்சு, மாமா வீட்ல இருக்கோம். அதப் பத்திப் பேச இஷ்டமில்ல."

முதல் ரெண்டு நாள் இடைவேளை வரை, அடுத்த ரெண்டு நாள் மதியச் சாப்பாடு வரை, அப்புறம் முழு நாள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாடியே வாசலில் நில்லுங்கள். நீங்கள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதும், இன்று எந்தக் காட்டில் கொழுந்து எடுக்கிறீர்கள், யார் கூட்டிப்போக வருவார்கள் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ரெண்டாம் நாள்தான் காரியம் கெட்டுப்போகும். பிள்ளை அழுவாள், மனசு கேட்காமல் உடனே கூட்டி வந்துவிடுவோம். அழுதால் வீட்டுக்குப் போகலாம் என்று அவள் கற்றுக்கொள்வாள். நேரத்தைக் குறைத்து வைக்கலாம், ஆனால் வைத்த நேரம் வரை இருக்கட்டும். வயிற்று வலி நிஜமாகவே வலிக்கும், நடிப்பு என்று திட்டாதீர்கள். காய்ச்சல், வாந்தி இல்லை, ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை என்றால் அது பெரும்பாலும் பயத்தின் வலி. ஆறுதல் சொல்லி அனுப்பலாம்.

மூன்று வாரத்தில் இதெல்லாம் இருப்பது நோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். தீப்பிடித்து ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, சிரிப்பே இல்லாமல் தீப்பிடிக்கிற விளையாட்டையே திரும்பத் திரும்ப ஆடுவது, பள்ளிக்குப் போகாமலேயே இருப்பது என்று தொடர்ந்தால் மனநல மருத்துவரிடமோ குழந்தை ஆலோசகரிடமோ காட்ட வேண்டும். "நானும் பாட்டிகிட்ட போறேன்" என்றாலோ, சாப்பாட்டையே விட்டுவிட்டாலோ மாதக் கணக்குப் பார்க்காமல் உடனே போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள், பயத்தை அவள் தன் மொழியில்தான் சரியாகச் சொல்வாள். தூங்குவதற்கென்று மெடிக்கல் கடையில் மாத்திரையோ இருமல் சிரப்போ வாங்கிக் கொடுக்காதீர்கள். பயத்துக்கு அது மருந்தில்லை, சின்னப் பிள்ளைக்கு ஆபத்தும்கூட.