அப்பா கடைக் கணக்கை எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கீங்க?

"அக்கா, நான் மாரத்தஹள்ளில இருக்கேன், டெவலப்பரா நாலு வருஷ அனுபவம். ஏழு மாசமா அப்ளை பண்றேன், ஒரு கால் கூட வரல. லிங்க்ட்இன் ஃபீச்சர்ட்ல ஒன்பது சர்ட்டிஃபிகேட், கிட்ஹப்ல ஆறு ரெப்போ பின் பண்ணிருக்கேன், எல்லாம் கோர்ஸ்ல செஞ்சது. ஆம்பூர்ல அப்பா மளிகைக்கடைக்கு ஒரு கடன் கணக்கு ஆப் எழுதிக் குடுத்தேன், மூணு வருஷமா அதுலதான் கணக்கு ஓடுது, ஆனா அது சும்மா வீட்டு வேலை. அடுத்து எந்த சர்ட்டிஃபிகேட் எடுக்கலாம்?"
– பெயர் வேண்டாம், பெங்களூர்

ஒண்ணும் எடுக்க வேணாம் தம்பி. "சும்மா வீட்டு வேலை"ன்னு எழுதிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அந்தக் கடைதானே உங்களைப் படிக்க வெச்சுது? அந்தக் கடையில தினமும் ஓடுற ஒரு ஆப்பை விட்டுட்டு, ஆயிரம் பேர் அதே வீடியோ பாத்து அதே மாதிரி செஞ்ச ஆறு ரெப்போவை முன்னாடி வெச்சா, பாக்குறவர் எதை வெச்சு உங்களைத் தனியா அடையாளம் கண்டுபிடிப்பார்?

ஃபோன்ல ப்ரொஃபைலைத் திறந்தா ஃபீச்சர்ட்ல முதல் கார்டுதான் முழுசா தெரியும், அடுத்தது ஓரமா எட்டிப்பாக்கும், மீதிய தள்ளிப் பாக்க யாருக்கும் பொறுமை இல்ல. அந்த முதல் இடம் கடை ஆப்புக்கு. கிட்ஹப்ல "Customize your pins" போய் ஆறையும் எடுத்துட்டு இதை மட்டும் பின் பண்ணுங்க. ஆறுங்கிறது உச்ச வரம்புதான், அத்தனையும் நிரப்பணும்னு கட்டாயம் இல்ல.

ஆனா இப்ப இருக்கிற ரெப்போவை அப்படியே பப்ளிக் ஆக்கிடாதீங்க. யார் எவ்வளவு பாக்கி, ஃபோன் நம்பர் என்னன்னு டெஸ்ட் ஃபைல்ல எங்கயாவது கிடக்கும், இன்னிக்கு அதை அழிச்சாலும் பழைய கமிட்ல அப்படியே இருக்கும், நம்ம கடையை நம்பிக் கடன் சொன்னவங்க மானம் அது. புதுசா ஒரு ரெப்போ தொடங்கி, சுத்தம் பண்ணின கோட் மட்டும் போட்டு, கற்பனைப் பேர்ல பத்து கணக்கு சேத்து அதுல ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. மூணு வருஷ கமிட் ஹிஸ்டரி போயிடுமேன்னு வருத்தம் வேணாம், README முதல் வரியிலயே இங்கிலீஷ்ல சொல்லிடுங்க: ஒரு மளிகைக்கடையில மூணு வருஷமா தினமும் ஓடுது, அதுல கணக்கு எழுதுறவர் கம்ப்யூட்டர் படிக்காத ஒருத்தர்னு. அதுக்குக் கீழ, அப்பா திட்டி நீங்க மாத்துனதை எழுதுங்க, ஒரே பாக்கி ரெண்டு தடவை ஏறுனதோ, எழுத்து சின்னதா இருந்து கண்ணு தெரியாமப் போனதோ, எதுவா இருந்தாலும் என்ன தப்பு, எப்படிச் சரி பண்ணீங்கன்னு ரெண்டு மூணு சம்பவம். இன்டர்வியூல கேள்வி அதுலேர்ந்துதான் வரும்.

அப்புறம் அந்த லிங்க்கை ஃபீச்சர்ட்ல போட்டு, தலைப்பை நீங்களே மாத்தி எழுதி, இழுத்து முதல்ல வைங்க. லாகின் இல்லாத விண்டோல அந்த லிங்க் திறக்குதான்னு பாருங்க, ரெப்போ இன்னும் ப்ரைவேட்டா இருந்தா உங்களுக்கு மட்டும் திறக்கும், மத்தவங்களுக்கு 404 காட்டும்.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி இன்னிக்கு ராத்திரி கடை சாத்துனதும் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, கடைப் பேரைப் போடலாமான்னு கேளுங்க. அவர் வேணாம்னா "ஆம்பூர்ல ஒரு மளிகைக்கடை"ன்னு மட்டும் எழுதுங்க.