கோப்பு குழுவில் இருக்கிறது என்றால் யாரிடம், எப்போது, என்ன கேட்பது?

பள்ளி அலுவலகத்தில் நிர்வாகக் குழுக் கூட்டங்களுக்கான கோப்புகளைத் தயாரிப்பது பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது வெளியில் காத்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஆய்வகக் கருவிகளுக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறேன். முதல்வருக்குப் பிடித்துவிட்டது, "குழுவில் வைக்கணும்" என்கிறார். வாரா வாரம் ஃபோன் செய்கிறேன், "இன்னும் முடிவாகலை" என்ற ஒரே பதில்தான். வேறு எப்படிக் கேட்பது?

"முடிவாகிவிட்டதா" என்று கேட்டால் அலுவலகத்தில் எடுப்பவருக்கு அதைத் தவிர வேறு பதில் இல்லை. அவர் கையில் முடிவு கிடையாது, தேதிகள்தான் இருக்கின்றன. ஆகவே தேதிகளைக் கேளுங்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு? அதற்கான நிகழ்ச்சி நிரலை எந்த நாளோடு மூடுகிறார்கள்? நம்முடைய விஷயம் அதில் ஏறிவிட்டதா? குழுவுக்கு முன்னால் நிதி உபகுழு பார்க்க வேண்டுமா?

கடைசிக் கேள்விதான் பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். குழு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை கூடுகிறது, இந்த முறை ஜூன் 14. நிகழ்ச்சி நிரல் 7 நாள் முன்னதாக மூடப்படும். நிதி உபகுழு ஜூன் 2 அன்றே கூடிக் கலைந்துவிட்டது. நீங்கள் 30 நாள் செல்லும் கொட்டேஷனை ஜூன் 3 அன்று கொடுக்கிறீர்கள். நிரல் மூட இன்னும் 4 நாள் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் உபகுழுவின் குறிப்பு இல்லாமல் அலுவலகம் அதை நிரலில் ஏற்றாது. ஆக உங்கள் விஷயம் போவது ஜூலை 12 கூட்டத்துக்கு. உங்கள் கொட்டேஷனோ ஜூலை 3 அன்று காலாவதி.

இப்போது கூட்டத்தில் யாராவது ஒருவர், "இந்த விலை இன்னும் செல்லுமா?" என்று கேட்பார். பதில் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். விஷயம் ஆகஸ்டுக்குப் போய்விடும். யாரும் உங்களை எதிர்க்கவில்லை, ஒரு தேதி தவறியதால் ஒரு மாதம் போயிற்று, அவ்வளவுதான். நான் பார்த்த தாமதங்களில் நிறைய இந்த மாதிரிதான்.

அதனால் இந்த ஜூன் மாதமே, கேட்பதற்கு முன்பே ஒரு கடிதம் அனுப்புங்கள்: "எங்கள் ஜூன் 3 கொட்டேஷனின் விலையும் நிபந்தனைகளும் ஆகஸ்ட் 31 வரை மாறாமல் செல்லும். ஜூலை 12 கூட்டத்துக்கான கோப்பில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். குழுவுக்கு வேறு ஆவணம் ஏதும் தேவையென்றால் நிரல் மூடும் ஜூலை 5-க்குள் தந்துவிடுகிறேன்." ஆகஸ்ட் 31 எதற்கு என்றால், தீர்மானம் ஆன பிறகும் ஆணை கைக்கு வர நாளாகும். கூடவே ஒரே பக்கத்தில் என்ன பொருள், எத்தனை, மொத்தத் தொகை, வரி உட்பட்டதா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று எழுதிக் கொடுங்கள். உறுப்பினர்கள் கையில் இருப்பது அலுவலகம் எழுதும் குறிப்புதான். உங்கள் முப்பது பக்க விவர ஏட்டை யாரும் புரட்ட நேரம் இருக்காது. அந்தக் குறிப்பை எழுதுபவரின் வேலையைக் குறைத்தால் விஷயம் சரியாகக் குழு முன்னால் போகும்.

கேள்வி: கூட்டம் முடிந்துவிட்டது. "ஓகே ஆகிவிட்டது, நீங்க ஆரம்பிங்க" என்று அலுவலகத்திலிருந்து ஃபோன். சரக்கை அனுப்பலாமா?

வேண்டாம். எழுத்தில் ஆணை வரும்வரை ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டக் கூடாது.

ஃபோனில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் "ஓகே" என்பதற்குள் எத்தனையோ இருக்கும். தொகையில் ஒரு பகுதிக்கு மட்டும் ஒப்புதல் ஆகியிருக்கலாம். "விலையைப் பேசிக் குறைத்த பிறகு" என்ற நிபந்தனையோடு ஆகியிருக்கலாம். அடுத்த நிதியாண்டுக்கு என்று ஆகியிருக்கலாம். இதெல்லாம் தீர்மானத்தின் வாசகத்தில்தான் இருக்கும். பில்லை நிறைவேற்றும் கணக்காளர் தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் ஆணையில் தேடுவார், ஃபோனில் பேசியது அவருக்குத் தெரியாது.

"மகிழ்ச்சி. தீர்மானத்தின்படி பொருள், அளவு, தொகை குறிப்பிட்டு ஆணை கிடைத்ததும் அனுப்பத் தயாராக இருக்கிறோம்" என்று அன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் திட்டம் "ஒத்திவைக்கப்பட்டது" என்று பதில் வந்தது. நாசூக்காக மறுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். போதுமான உறுப்பினர்கள் வராமல் கூட்டமே நடக்காமல் போயிருக்கலாம். நிரலில் பதினெட்டாவதாக இருந்து, நேரம் முடிந்திருக்கலாம். இந்த இரண்டிலும் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. அடுத்த கூட்டத்தில் மேலே வைக்க முடியுமா என்று ஒருமுறை கேட்கலாம்.

குழு ஏதாவது விவரம் கேட்டு ஒத்திவைத்திருந்தால் கதையே வேறு. "இன்னும் இரண்டு கொட்டேஷன் வாங்குங்கள்" என்றோ, "இதை ஏற்கெனவே பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள்" என்றோ சொல்லியிருப்பார்கள். அது உங்களிடம் வந்து சேராமலே கோப்பில் கிடக்கும். ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: "குழு ஏதும் விவரம் கேட்டதா? எங்களால் தர முடிந்தது என்றால் உடனே தருகிறோம்." இரண்டு முறை தொடர்ந்து காரணம் இல்லாமல் ஒத்திவைத்தால் விருப்பம் குறைந்துவிட்டது என்று நினைக்க இடம் உண்டு.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை முறை ஃபோன் செய்தால் தொந்தரவாக இருக்காது?

வாரக் கணக்கை விடுங்கள். நிரல் மூடும் முன் ஒருமுறை, கூட்டம் முடிந்து மூன்று நாலு வேலை நாள் கழித்து ஒருமுறை. இடையில் புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும்.

கேள்வி: குழுத் தலைவர் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர். ஒரு வார்த்தை சொன்னால் ஒரே நாளில் முடிந்துவிடும். எதற்கு இத்தனை சுற்று?

தெரிந்தவர் என்பதே உங்களுக்கு இடைஞ்சலாகலாம். சம்பந்தம் உள்ள உறுப்பினர் அதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு அந்த விஷயத்தில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது பல குழுக்களின் விதி. நீங்கள் அவர் வீட்டுக்குப் போனது மற்ற உறுப்பினருக்குத் தெரிந்தால், உங்கள் விலை நியாயமாகவே இருந்தாலும் "மறுபடி ஒப்பந்தப்புள்ளி கூப்பிடுங்கள்" என்பார். உறுப்பினர்களைத் தனியாகத் தேடிப் போகாதீர்கள். அலுவலகம் வழியாகவே போங்கள்.

இடையில் ஒருவர்: நீங்கள் சொல்வது ஏட்டில் இருப்பது. என் பராமரிப்பு ஒப்பந்தம் மூன்று மாதம் கிடந்தது. தலைவரிடம் நேரே பேசினேன், மறுநாள் கையெழுத்து ஆயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

நடந்திருக்கும், நம்புகிறேன். அவசரமான விஷயங்களில் தலைவர் முதலில் ஒப்புதல் தந்து, அடுத்த கூட்டத்தில் குழுவின் பின்னேற்பு வாங்கிக்கொள்ள சில நிறுவனங்களில் அதிகாரம் உண்டு. குறிப்பிட்ட தொகை வரை குழுவுக்கே போகாமல் முடிக்கும் அதிகாரமும் இருக்கலாம். உங்களுடையது இவற்றில் ஒன்றாக இருந்தால், அலுவலகமே அதே கையெழுத்தை வாங்கியிருக்க முடியும். ஒன்று கேட்கிறேன்: அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு ஆனதா?

அவரே: தெரியாது. பணம் வந்துவிட்டது, அது போதாதா?

போதாது. பின்னேற்பு பதிவாகாமல் இருந்து, தணிக்கையில் கேள்வி வந்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயங்குவார்கள். அந்தத் தீர்மானத்தின் எண்ணை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்னொருவர்: நான் ஒரு சிறிய பள்ளியின் குழுவில் உறுப்பினராக இருந்தேன். மொத்தம் ஐந்து பேர். விற்பவர்கள் எங்களோடு நேரே பேசுவார்கள், யாரும் தவறாக நினைத்ததில்லை. சந்தேகங்கள் கூட்டத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். எல்லா இடத்துக்கும் ஒரே விதி சொல்ல வேண்டாமே.

சின்னக் குழுக்களில் அப்படி நடக்கிறது என்பது சரி. அங்கேகூட, முதல்வருக்கோ செயலாளருக்கோ தெரியாமல் பேசுவது தவறு என்றே சொல்வேன். அவர்களே "அவரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள்" என்று அனுப்பினால் தாராளமாகப் பேசுங்கள்.

அதே உறுப்பினர்: செயலாளரே கோப்பை அமுக்கி வைத்திருந்தால்?

முதலில் எழுத்தில் முதல்வருக்கு, செயலாளருக்கு நகலோடு. அதற்கும் பதில் இல்லையென்றால் தலைவருக்கு அலுவலக முகவரியில் கடிதம். வீட்டுக் கதவைத் தட்டுவது எனக்கு உடன்பாடு இல்லை. உங்களுக்கு வேறு கருத்து இருக்கிறது, இருக்கட்டும்.

கேள்வி: விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம் முடிந்தது. "நீங்கள்தான், குழு ஒப்புதல் வெறும் சம்பிரதாயம்" என்றார்கள். இப்போதைய வேலையை ராஜினாமா செய்யட்டுமா?

நியமன ஆணை கைக்கு வரும்வரை செய்யாதீர்கள். தேர்வுக் குழு செய்வது பரிந்துரை, நியமிப்பது நிர்வாகக் குழு. பெரும்பாலும் பரிந்துரை அப்படியே நிற்கும். ஆனால் பணியிடத்தையே ஒரு பருவம் தள்ளிவைக்கலாம், சம்பள நிலையை மாற்றலாம். "இப்போதைய இடத்தில் எனக்கு இரண்டு மாத அறிவிப்புக் காலம் உண்டு, ஆணை கிடைத்த நாளிலிருந்து அதைக் கணக்கிட்டுச் சேரும் தேதியைக் குறித்தால் உதவியாக இருக்கும்" என்று இப்போதே எழுதிவிடுங்கள். இது நச்சரிப்பு ஆகாது. சேரும் தேதியை நிரப்ப அவர்களுக்கு அந்த விவரம் வேண்டும்.

கேள்வி: என் மகளின் மறுமதிப்பீட்டு முடிவு வரவில்லை. நிர்வாகக் குழுவுக்கு எழுதலாமா?

அது தேர்வுப் பிரிவின் வேலை, அங்கே கேளுங்கள்.

கேள்வி: எங்களுக்கும் வாய்மொழியாகச் சரி என்று சொல்லிவிட்டார்கள். வண்ணம் பூசும் வேலையைத் தொடங்கலாமா? விடுமுறை முடியப் போகிறது.

மேலே இரண்டாவது கேள்வியைப் படியுங்கள். விடுமுறை முடிந்தாலும் ஆணை இல்லாமல் தூரிகையை எடுக்காதீர்கள்.

கேள்வி: அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்துத்தான். கோப்பைச் சுற்றுக்கு அனுப்பி உறுப்பினர்களின் கையெழுத்தை வாங்கச் சொல்லலாமா?

அந்த வழி இருக்கிறதா என்பது அந்த நிறுவனத்தின் விதிகளைப் பொறுத்தது. இருந்தாலும், ஓர் உறுப்பினர் "கூட்டத்தில் பேசலாம்" என்று எழுதினால் சுற்று நின்றுபோகும் இடங்கள் உண்டு. தொகை பெரிதென்றால் சுற்றில் விடவே தயங்குவார்கள். எனவே அந்த வழியை நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். காத்திருந்தால் என்ன ஆகும் என்பதைத் தேதியோடு எழுதுங்கள்: "தயாரிப்பாளரின் விலை இந்த நாள்வரைதான், நிறுவ மூன்று வாரம் ஆகும், பருவம் இந்த நாளில் தொடங்குகிறது." அதை வைத்துச் சுற்றா, சிறப்புக் கூட்டமா என்பதைச் செயலாளர் முடிவு செய்வார். அவர் தலைவரிடம் பேசும்போது கையில் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அது உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: கூட்டம் முடிந்து பத்து நாள். "மினிட்ஸ் இன்னும் உறுதியாகலை, அடுத்த கூட்டத்தில் ஆன பிறகுதான் ஆணை" என்கிறார்கள். இது சரியா?

பொதுவாக, தீர்மானம் நிறைவேறிய அன்றே முடிவு ஆகிவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்வது, பதிவு சரியாக எழுதப்பட்டதா என்பதற்காக. ஆனால் உறுதியாகும்வரை ஆணை கொடுப்பதில்லை என்று வழக்கம் வைத்திருக்கும் அலுவலகங்களும் இருக்கின்றன, அவர்களோடு வாதாடிப் பயனில்லை. தலைவர் கையெழுத்திட்ட தீர்மானப் பகுதியின் நகலை வைத்து ஆணை தர முடியுமா என்று ஒருமுறை கேளுங்கள். முடியாது என்றால் கொட்டேஷன் தேதியை இன்னொரு மாதம் நீட்டித்து, அந்தக் கடிதத்தை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.