‘பிளாஸ்டிக் இல்லாத பார்லர்’ என்று போர்டு வைக்கலாமா?

கேள்வி: ராமநாதபுரத்தில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். ஷாம்புவை 5 லிட்டர் கேனில் வாங்கி, காலி பாட்டிலோடு வருபவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிறோம். ‘பிளாஸ்டிக் இல்லாத பார்லர், கடலைக் காக்கிறோம்’ என்று கடல்பசு படத்தோடு போர்டு வைக்கலாமா?

பதில்: இந்த வாசகத்தோடு வைக்காதீர்கள். மாறியிருப்பது ஷாம்பு மட்டும்தான். கையுறை, ஃபேஷியல் பாக்கெட், ப்ளீச் டப்பா எல்லாம் பிளாஸ்டிக்கில்தான் வந்துகொண்டிருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, இப்படிப் பொதுவாகப் பசுமை பேசினால் எந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறோம், ஆதாரம் என்ன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தவறான எண்ணம் தரும் படங்களும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவில் கடல்பசு இருக்கிறது என்பது உண்மை. உங்கள் பாட்டில்களால் அது பிழைத்தது என்று காட்ட வழியில்லை, அதனால் படத்தை எடுத்துவிடுங்கள். ‘பிளாஸ்டிக் பை தருவதில்லை’ என்றும் பெருமையாகப் போட வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது.

சரி, எதைச் சொல்லலாம்? காலி பாட்டிலையும் காலி கேனையும் தராசில் வையுங்கள். உதாரணத்துக்கு, மூடியோடு 200 மில்லி பாட்டில் 25 கிராம், கேன் 220 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50 பேர் நிரப்பினால் 10 லிட்டர், அதாவது இரண்டு கேன். 50 புதுப் பாட்டில் என்றால் 1,250 கிராம் பிளாஸ்டிக். இரண்டு கேனுக்கு 440 கிராம். மிச்சம் 810 கிராம், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கேனைக் கணக்கில் விட்டுவிட்டு முழு 1,250 கிராமையும் மிச்சம் என்று எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 50 பேரில் 20 பேர் பாட்டிலை வீட்டில் மறந்துவிட்டு வந்து, நீங்கள் புதுப் பாட்டிலில் கொடுத்தால் 500 கிராம் கூடிவிடும். மிச்சம் 310 கிராமுக்கு இறங்கி, கால் பங்குதான் தேறும். ஆகவே எத்தனை பேர் உண்மையில் பழைய பாட்டிலோடு வந்தார்கள் என்று பில் போடும்போதே குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முக்கியமான ஆதாரம் அந்த நோட்டுதான்.

மூன்று மாதம் குறித்த பிறகு இப்படி எழுதலாம்: ‘எங்கள் ஷாம்புவை உங்கள் பழைய பாட்டிலிலேயே நிரப்பிக்கொள்ளலாம். ஜனவரி முதல் மார்ச் வரை 90 பேர் நிரப்பினார்கள். அத்தனையும் புதுப் பாட்டிலில் விற்பதைவிட, கேனையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 1.4 கிலோ பிளாஸ்டிக் குறைந்தது.’ எண்கள் உங்கள் நோட்டில் உள்ளவையாக இருக்கட்டும். எண் சின்னதாக இருந்தாலும் அதையே போடுங்கள், கேட்பவருக்கு நோட்டைக் காட்ட முடியும்.

பாட்டிலில் ஒட்டியிருக்கும் பழைய பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ளே போகும் ஷாம்புவுக்குப் பொருந்தாது. கேனில் உள்ளதைப் பார்த்து எழுதிப் புதிதாக ஒட்டிக் கொடுங்கள்.

நாளைக்கு சப்ளையர் கேனுக்குப் பதில் ரீஃபில் பவுச் அனுப்பினால் எடை இன்னும் குறையலாம். ஆனால் பல அடுக்குப் பவுச்சைப் பழைய சாமான் கடைக்காரர் பொதுவாக எடுப்பதில்லை. அவரிடம் நேரில் கேட்டு உறுதி செய்யாமல் ‘மறுசுழற்சி ஆகும்’ என்று போர்டில் சேர்க்காதீர்கள்.