செயல்படவும் மறுத்து, விலகவும் மறுக்கும் உயில் நிறைவேற்றுநர்

"அப்பா கடலூர் வீட்டையும் மற்ற சொத்து முழுவதையும் எனக்கு எழுதி, சித்தப்பாவை நிறைவேற்றுநராகப் போட்டார். உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்றான புரொபேட்டை அவர் வாங்கவில்லை. விலகவும் மாட்டேன் என்கிறார். அசல் உயிலும் அவரிடமே இருக்கிறது. அவரை நீக்க முடியுமா?"

ஐயா, நீக்கும் மனுவை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 301ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படாது என்றே கருதுகிறேன். அதே சட்டத்தின் 229ஆம் பிரிவின்படி, பொறுப்பை ஏற்கிறாரா துறக்கிறாரா என்று கேட்கும் அழைப்பாணையை அவருக்கு அனுப்பக் கோரி, கடலூர் மாவட்ட நீதிமன்றத்தை அணுகுங்கள். குறித்த கெடுவுக்குள் அவர் ஏற்காவிட்டால், உயில் இணைத்த நிர்வாக உரிமைப் பத்திரத்தை நீங்களே கேட்கலாம். வீட்டுக் கூடத்தில் "மாட்டேன்" என்று அவர் சொன்னது துறப்பாகாது. நீதிபதி முன் வாய்மொழியாகவோ, கையொப்பமிட்ட எழுத்திலோ சொன்னால்தான் செல்லும். அசல் உயிலை ஒப்படைக்க உத்தரவிடுமாறு 267ஆம் பிரிவின்கீழ் கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவரையாவது விசாரணைக்கு அழைத்துவர வேண்டியிருக்கும் என்பதால், அவர்கள் இருக்குமிடத்தை இப்போதே விசாரித்து வையுங்கள்.