பஸ் யாத்திரை போகும் பெற்றோருக்கு: மடியில் ஒரு பை, அடியில் ஒரு பை

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரைக்கு மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறார்; ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சேர்ந்த மருந்து. அம்மாவுக்கு 68, தைராய்டு, முழங்கால் வலி. இருவரும் 7 நாள் பஸ் யாத்திரை போகிறார்கள், நாங்கள் யாரும் கூடப் போக முடியவில்லை. மருந்து, துணிமணி என்று என்னென்ன எடுத்து வைப்பது? சுமையும் குறைவாக இருக்க வேண்டும்.

பதில்:

நான் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். என் பெற்றோர் யாத்திரை கிளம்பும்போதெல்லாம் பை கட்டுவதும் நான்தான். பஸ்ஸில் போகும்போது வீட்டில் இல்லாத மூன்று சங்கடங்கள் வரும். சாப்பாட்டு நேரம் நம் கையில் இருக்காது. கழிப்பறை நினைத்தபோது கிடைக்காது. பஸ்ஸின் அடியில் ஏற்றிய பை, இரவு தங்குமிடம் சேரும்வரை கைக்கு வராது. எதை எங்கே வைப்பது என்பதை இந்த மூன்றையும் மனத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு பைகள். அடியில் போகும் பையில் துணிகள் மட்டும். மடியில் இருக்கும் சிறிய தோள்பையில் மருந்து, தண்ணீர், கண்ணாடி, ஒரு மெல்லிய போர்வை, ஒரு மாற்றுத்துணி. மருந்தில் ஒன்றுகூட அடியில் போகக் கூடாது. பை தொலைந்துபோகும் என்ற பயத்தினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த இடம் வெயிலில் நெடுநேரம் சூடேறும், மருந்துக்கு அது ஆகாது.

மருந்துக் கணக்கை இப்படிப் போடுங்கள். இப்போது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அட்டைகளில் 7 நாளுக்குப் போதுமானது அவரவர் மடிப்பையில் இருக்கட்டும். அதற்கு மேல், ஒவ்வொரு மருந்திலும் பிரிக்காத புதிய அட்டை ஒன்று வாங்கி, அப்பாவுடையதை அம்மாவின் பையிலும் அம்மாவுடையதை அப்பாவின் பையிலும் வையுங்கள். ஒரு பை தவறிப்போனாலும் மருந்து நிற்காது. பயணம் இரண்டு நாள் நீண்டாலும் கவலையில்லை. மிஞ்சியது வீட்டுக்கு வந்த பிறகு பயன்படும்.

மாத்திரைகளைப் பிரித்து, கிழமை போட்ட டப்பாவில் நிரப்பித் தருகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் அது நல்ல ஏற்பாடு. பயணத்தில் நான் அதை விரும்புவதில்லை. குலுங்கும் பஸ்ஸில் மூடி திறந்தால் எல்லாம் கலந்துவிடும். வழியில் ஒரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால், ஒரே மாதிரி இருக்கும் வெள்ளை மாத்திரைகளைக் காட்டி எது எது என்று சொல்ல முடியாது. மாத்திரை அதன் அட்டையிலேயே இருக்கட்டும். பெயரும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கின்றன. அட்டைகளை நோய்வாரியாகக் கட்டாமல் வேளைவாரியாகச் சிறிய ஜிப் கவர்களில் போட்டு, பெரிய எழுத்தில் எழுதுங்கள்: ‘எழுந்ததும் வெறும் வயிற்றில்’, ‘காலைத் தட்டு முன்னால் வந்ததும்’, ‘இரவுச் சாப்பாட்டுடன்’. ஒரே மாத்திரை இரு வேளை என்றால் இரண்டு கவரிலும் ஒவ்வோர் அட்டை.

‘தட்டு முன்னால் வந்ததும்’ என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யாத்திரை பஸ் விடியற்காலையில் கிளம்பும். எட்டு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லியிருப்பார்கள். நெரிசலில் அது பத்தாகிவிடும். வீட்டுப் பழக்கத்தில் அப்பா ஏழரைக்கே சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டால், அது கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற வகையாக இருக்கும் பட்சத்தில், சாப்பாடு வருமுன்பே சர்க்கரை இறங்கத் தொடங்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்த ஆபத்து மிகக் குறைவு. அவருடைய மருந்துச் சீட்டில் எது இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

சர்க்கரை இறங்குவதன் அடையாளங்களை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள்: திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல். பஸ்ஸில் இதைப் பயணக் களைப்பு என்று எண்ணித் தூங்கவிட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், அல்லது பார்க்க நேரமே இல்லையென்றால் பார்க்காமலேயே, 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சரியானதும் பிஸ்கட் ஏதாவது சாப்பிடட்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. பஸ்ஸை நிறுத்தி மருத்துவ உதவி தேட வேண்டும். 15 கிராம் பொட்டலங்களாக நான்கைந்து கட்டி, பாதியை அப்பாவின் சட்டைப்பையிலும் பாதியை அம்மாவின் பையிலும் வையுங்கள். சாக்லேட் இதற்கு உதவாது; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். அவர் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவரானால் வீட்டுச் சர்க்கரையும் வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு.

இன்சுலினுக்கு வருகிறேன். பயன்பாட்டில் இருக்கும் பேனாவுக்கு ஐஸ் தேவையில்லை. 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான வகைகள் சுமார் 4 வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்குரிய கணக்கு பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். ஐஸ் கட்டியை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால், உருகிய பின்னும் அது வீண்தான். வெயிலில் நிறுத்திய பஸ்ஸில் விட்டுச் செல்வதும் அதே அளவு கெடுதல். எனவே பேனா அப்பாவோடு இறங்கி, அப்பாவோடு ஏற வேண்டும். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பை ஒன்று வாங்கினால் நல்லது. தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கித் தெரிந்தாலோ, கலங்கலான வகையில் உருட்டிய பின்னும் திட்டுகள் நின்றாலோ அதைப் போடக் கூடாது. ஊசி முனைகள் 10, குளுக்கோமீட்டர், அதன் பட்டைகள் எல்லாம் ஒரே கவரில். ஊசி போட்டதும் முனையைக் கழற்றி ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடட்டும்.

அடுத்தது நீர் மாத்திரை. கழிப்பறைக்குப் பயந்து வயதானவர்கள் செய்வது இரண்டு: மாத்திரையை நிறுத்துவார்கள், தண்ணீரையும் நிறுத்துவார்கள். அப்பாவின் மருந்து ஒரே மாத்திரையில் சேர்ந்தது என்பதால், அதை நிறுத்தினால் ரத்த அழுத்த மருந்தும் சேர்ந்து நின்றுவிடும். தண்ணீர் குறைந்து அழுத்த மருந்து மட்டும் வேலை செய்தால், இருக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றி விழுவார். ஆகவே கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பயண நாட்களில் இந்த மாத்திரையைத் தங்குமிடம் சேர்ந்த பிறகு எடுக்கலாமா? பலருக்குச் சரி என்பார். சிலருக்கு வேண்டாம் என்பார். நீங்களாக மாற்றாதீர்கள். தண்ணீர் அரை மணிக்கு ஒருமுறை சில மடக்காகப் போகட்டும். நீண்ட தூரம் நிற்காமல் போகும் நாளுக்காக, பேன்ட் போல அணியும் டயபர் ஆளுக்கு இரண்டு வையுங்கள். அம்மா முதலில் கோபப்படுவார்கள். அவசரத்துக்குத்தான் என்று சொல்லி, மாற்றுத்துணிக்கு அடியில் மடித்து வைத்துவிடுங்கள். அது இருக்கும் தைரியத்தில்தான் தண்ணீர் குடிப்பார்கள்.

அம்மாவின் தைராய்டு மாத்திரை எளிது: எழுந்ததும் வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். முழங்காலுக்குப் பாரசிட்டமாலும் தடவும் களிம்பும் போதும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகளை அந்தப் பையில் போடவே போடாதீர்கள். அப்பாவும் இடுப்பு வலி என்று அதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்வார். நீர் மாத்திரையும் அழுத்த மருந்தும் எடுப்பவர், தண்ணீர் குறைந்த உடம்போடு அதைச் சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கும். வாந்திக்கான பயண மாத்திரைகளும் இந்த வயதில் மயக்கத்தையும் குழப்பத்தையும் தரக்கூடும். புராஸ்டேட் தொல்லை இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் செய்யும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வையுங்கள். இல்லையென்றால் முன்வரிசை இருக்கை கேட்டு வாங்குவது மேல். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, வயிற்றுப்போக்குக்கு. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கலந்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அப்பாவுக்கு அதிலும் சர்க்கரை உண்டு என்பதால், குடிக்கும் நாளில் அளவு பார்த்துக்கொள்ளட்டும்.

துணியில் பலரும் நாளுக்கு ஒன்று என்று கணக்கிட்டுப் பையைக் கனமாக்குகிறார்கள். மூன்று செட் போதும்: உடம்பில் ஒன்று, காய்வதில் ஒன்று, தயாராக ஒன்று. எந்தத் துணியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இரவு துவைத்து, நன்றாகப் பிழிந்து, அறைக்குள்ளேயே மின்விசிறிக்கு அடியில் போடுங்கள். காலையில் இடுப்புப் பட்டியும் தையல் மடிப்பும் உலர்ந்திருந்தால் அது பையில் ஏறலாம். கனமான பருத்தி இதில் தோற்றுவிடும், மெல்லிய பருத்தி தேறிவிடும். முன்பக்கம் திறக்கும், பொத்தான் வைத்த பையுள்ள சட்டை அப்பாவுக்கு வசதி. இன்சுலின் போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. இடுப்பில் இறுக்கம் வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் அது உறுத்தும். உள்ளாடை மட்டும் ஐந்து செட். ஏசி பஸ்ஸுக்கு அந்த மெல்லிய போர்வை. ஸ்வெட்டரை விட அது பல வேலைக்கு உதவும். கட்டி முடித்ததும் துணிப்பையை அம்மாவையே தூக்கி நான்கு படி ஏறச் சொல்லுங்கள். திணறினால் ஒரு செட்டை எடுத்துவிடுங்கள்.

காலணி புதிதாக வாங்கவே வேண்டாம், பழகியதே போகட்டும். பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். காலணி கழற்ற வேண்டிய இடங்களில் சூடான கல் தளத்தில் நடந்தால் கொப்புளம் வந்ததுகூட அப்பாவுக்குத் தெரியாமல் போகலாம். அதனால் தடித்த பருத்திக் காலுறை மூன்று ஜோடி, அதில் ஒன்று மடிப்பையில். இரவில் அம்மா டார்ச் அடித்து அவர் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் உட்கார்வதால் இரண்டு கணுக்காலும் கொஞ்சம் வீங்கினால் பயமில்லை. பஸ் நிற்கும்போதெல்லாம் இறங்கி நடக்கட்டும், இருக்கையில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஆளுக்கு ஒரு தாள். பெயர், வயது, நோய்கள், ஒவ்வாமை, மருந்தின் வேதிப்பெயரும் மில்லிகிராம் அளவும் வேளையும், இன்சுலின் யூனிட், உங்கள் கைபேசி எண். வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், வேதிப்பெயர் இருந்தால் எந்த மருந்தகத்திலும் கேட்கலாம். ஒரு பிரதி சட்டைப்பையில், ஒன்று மற்றவர் பையில், ஒன்று பஸ்ஸில் பொறுப்பாக வருகிறவரிடம். அவரிடம் கொடுக்கும்போது, அப்பா சாப்பாட்டுக்கு நீண்ட நேரம் காத்திருக்கக் கூடாதவர் என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.