தன்னார்வ மட்டுறுத்துநர்கள்: கேள்விகளும் பதில்களும்

“எங்கள் மிக்சி பிராண்டின் ஃபேஸ்புக் குழு வேகமாக வளர்கிறது. மட்டுறுத்துநர் தேவை என்று அறிவித்து விண்ணப்பம் வாங்கலாமா?”

வேண்டாம். அறிவிப்பைப் பார்த்து முந்திக்கொண்டு வருபவர்களில் பதவி ஆசை உள்ளவர்களே அதிகம். கடந்த மூன்று மாதப் பதிவுகளைப் புரட்டி, யாரும் கேட்காமலே பிறருக்கு விளக்கம் எழுதுபவர்களைக் குறித்துக்கொண்டு, அவர்கள் தம்மை மறுத்தவர்களிடம் எப்படிப் பேசினார்கள் என்று பார்த்து, நான்கைந்து பேரிடம் தனியாகக் கேளுங்கள். அதிகம் எழுதுகிறார் என்பதற்காக மட்டும் நான் ஒருவரைச் சேர்த்தேன். இரண்டே வாரத்தில் அவர் போட்டி நிறுவனத்தைப் பாராட்டிய பதிவுகளையெல்லாம் நீக்கிவிட்டார்.

“தொனி மாறாமலிருக்க இருபது பக்கக் கையேடு எழுதிவிட்டேன். அது போதும்தானே?”

பாதி சரி. எதை நீக்கலாம் என்பதற்குக் கையேடு உதவும். ‘கனிவாக எழுதவும்’ என்ற வரியை மட்டும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். அதனால் நான் உண்மையான புகார்களையே எடுத்துவைத்துப் பயிற்சி தருகிறேன். புது மிக்சியில் கருகல் வாடை வருகிறது என்று ஒருவர் எழுதியதற்கு, ஒரு தன்னார்வலர், “கவலை வேண்டாம், நாங்கள் மாற்றித் தருகிறோம்” என்று பதிலளித்தார். தொனி இனிமையாக இருந்தாலும், அந்த வாக்குறுதியைத் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதைச் சேர்ந்து திருத்தினோம்: “முதல் சில முறை மோட்டார் வார்னிஷ் வாடை என் மிக்சியிலும் வந்தது. புகை வந்தாலோ வாடை தொடர்ந்தாலோ நிறுத்திவிட்டுச் சேவை மையத்தில் காட்டுங்கள்.” பயன்படுத்துபவராக ‘நான்’ என்று பேசுவது தன்னார்வலரின் வேலை, ‘நாங்கள்’ என்று பேசுவது ஊழியரின் வேலை. முதல் மாதம் பதிவுகளை நீக்கும் முன் என்னிடம் கேட்கச் சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை யார் எதை நீக்கினார்கள் என்று குழுவின் செயல்பாட்டுப் பதிவில் சரிபார்க்கிறேன்.

“எங்கள் அடுக்குமாடி வாட்ஸாப் குழுவில் காலை வணக்கப் படங்களை எப்படி நிறுத்துவது?”

அது வேறு வழக்கு ஐயா. அங்கே காக்க வேண்டிய பிராண்டு எதுவும் இல்லை. அட்மின்கள் மட்டுமே பதிவிடும் வகையில் அமைப்பை மாற்றிவிடுங்கள்.

“சம்பளம் இல்லையென்றால் ஷிஃப்ட் போட்டு வேலை வாங்கலாமா?”

அங்குதான் ஆபத்து. அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் முன்னாள் தன்னார்வலர்கள், தங்களுக்குப் பணிநேரமும் அறிக்கைகளும் விதித்துவிட்டு ஊதியம் தரவில்லை என்று 1999-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2010-இல் அந்நிறுவனம் 1.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், நேரக் கட்டாயம் வேண்டிய வேலையை ஊழியரிடமே கொடுங்கள்.

“அப்படியானால் இலவச மிக்சியாவது தரலாமா?”

வாங்கியவர் அதைக் குழுவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை. அப்படிச் சொன்ன பிறகும் அவருடைய பாராட்டை உறுப்பினர்கள் நம்புவார்களா என்பதில் எங்கள் குழுவிலேயே இரண்டு கட்சி இருக்கிறது.